மண்ணின் கரிமத்தை அளத்தல்: புதிய மாணவருக்கு ஒரு சோதனை முறை

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், கோயம்புத்தூர்ச் சமவெளியை ஒட்டிச் சித்தூர் வட்டத்தின் கரிசல் நிலங்கள் உள்ளன. மழை குறைவு, வெயில் மிகுதி, மண்ணில் சுண்ணாம்பு கலந்திருக்கும். தெற்கே, தேனி மாவட்டத்தை எல்லையாகக் கொண்ட இடுக்கியின் உடும்பன்சோலை வட்டத்திலோ, மர நிழலில் ஏலத்தோட்டங்கள் வளர்கின்றன. ஆண்டாண்டாக உதிர்ந்த இலைகள் மக்கிய மண் அங்கே காலடியில் மெத்தென்று அமுங்கும். கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த மாணவர் ஒருவர், இவ்விரண்டு மண்ணிலும் ஒரு பொட்டலம் கொணர்ந்து, ஒரே குறிப்பேட்டைப் பார்த்து ஒரே முறையில் சோதிப்பதாகக் கொள்வோம். கரிசல் மண் ஒழுங்காக விடை தரும். ஏலத்தோட்ட மண்ணோ குடுவையில் பச்சை நிறமாக மாறி, விடை தராமல் நின்றுவிடும். கருவி பழுதன்று, மாணவர் கையும் தவறு செய்யவில்லை. சோதனை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறியாதவர்க்கு மட்டுமே அது புதிராகத் தோன்றும்.

இங்கே கூறப்படும் சோதனை, வாக்லி, பிளாக் என்னும் இருவர் 1934ஆம் ஆண்டில் வெளியிட்டது. மண்ணிலுள்ள மக்கிய பொருள்களின் கரிமத்தை அளக்க இன்றும் பல மண் ஆய்வுக்கூடங்களில் இதுவே வழக்கிலுள்ளது. 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மண்வள அட்டைத் திட்டத்தில் குறிக்கப்படும் பன்னிரண்டு அளவைகளுள் அங்ககக் கரிமமும் ஒன்று. உழவருக்குத் தழைச்சத்து எவ்வளவு இடவேண்டும் என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இந்த எண்ணையே சான்றாகக் கொள்கின்றனர். எண் பிழைபட்டால் உரமும் பிழைபடும்.

சோதனையின் கருத்து எளியது. பத்துப் படி அரிசியை எண்ணி வைத்துவிட்டு, விருந்து முடிந்தபின் மிச்சத்தை அளந்தால், விருந்தினர் உண்டது எவ்வளவென்று தெரிந்துவிடும் அல்லவா? அவ்வாறே, ஆக்சிஜனேற்றும் ஆற்றலுடைய பொட்டாசியம் டைகுரோமேட்டுக் கரைசலை அளந்து மண்ணோடு சேர்க்கின்றனர். அமிலத்தின் துணையால் அது மண்ணின் கரிமத்தை எரித்துக் கரியமில வாயுவாக மாற்றுகிறது. அவ்வேலையில் செலவானது போக எஞ்சிய டைகுரோமேட்டைப் பெரஸ் அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலால் அளக்கின்றனர். ஆகவே இது கரிமத்தை நேராக அளக்கும் சோதனையன்று. மிச்சத்தை அளந்து செலவை அறிவது. மிச்சமே இல்லாமற் போனால் செலவு எவ்வளவு என்று சொல்ல இயலாது. இந்த ஒரு வரியை மாணவர் நினைவில் இருத்திக்கொண்டால், ஏலத்தோட்ட மண்ணின் புதிர் பாதி அவிழ்ந்துவிடும்.

வேலை தராசில் தொடங்குவதில்லை; மண்ணைப் பதப்படுத்துவதில் தொடங்குகிறது. மண்ணை நிழலில் உலர்த்தி, வேர், சருகு, கல் ஆகியவற்றை நீக்கிப் பொடித்துச் சலித்துக்கொள்ளல் வேண்டும். இந்தச் சோதனைக்கு அரை மில்லிமீட்டர் அல்லது அதினும் நுண்ணிய சல்லடையிற் சலித்த மண் ஏற்றது. ஏனெனில் எடுப்பது ஒரு கிராம் மட்டுமே, அதில் ஒரு சருகுத் துணுக்கு இருந்தாலும் விடை மாறும். இரும்பு உரலோ இரும்புச் சல்லடையோ பயன்படுத்தலாகாது. தேய்ந்து விழும் இரும்புத் துகள் டைகுரோமேட்டைத் தானும் செலவழித்து, இல்லாத கரிமத்தை இருப்பதாகக் காட்டும். வயலில் நீர் தேங்கிய நிலையில் எடுத்த நெல்வயல் மண்ணை ஈரத்தோடு சோதிப்பதிலும் இதே தீங்கு உண்டு. அதிலுள்ள ஒடுங்கிய இரும்பு, காற்றில் நன்கு உலர்ந்தபின்னரே தன் வலிமையை இழக்கும்.

தேவையான கரைசல்கள் நான்கு. முதலாவது, ஒரு நார்மல் வலிமையுள்ள டைகுரோமேட்டுக் கரைசல். 105 பாகை செல்சியசில் உலர்த்திய தூய பொட்டாசியம் டைகுரோமேட் 49.04 கிராமைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, சரியாக ஒரு லிட்டராக ஆக்குவது. சோதனை முழுவதும் இதன் துல்லியத்தையே நம்பியிருக்கிறது. இதன் பொடி நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைப்பது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் வைக்கப்பட்டிருப்பது. ஆதலின் முதலாண்டு மாணவர் இதனை நிறுத்தெடுக்க வேண்டுவதில்லை. ஆசிரியரே புகைபோக்கி அறையில் கையுறையணிந்து கரைத்து வைத்து, மாணவர்க்குக் கரைசலாகவே தருவது நன்று.

இரண்டாவது, அரை நார்மல் பெரஸ் அம்மோனியம் சல்பேட்டுக் கரைசல். 196.1 கிராம் உப்பை, 20 மில்லிலிட்டர் அடர் கந்தக அமிலம் சேர்த்து ஆறவைத்த 800 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, ஒரு லிட்டராக்கல் வேண்டும். காற்று பட்டுப் பட்டு இக்கரைசல் நாள்தோறும் சிறிது வலிமை குன்றும். புட்டியின் மேல் எழுதிய எண்ணை நம்பாது, ஒவ்வொரு நாளும் மண்ணிடாத வெற்றுச் சோதனை ஒன்றைச் செய்து அதன் உண்மை வலிமையைக் கண்டுகொள்ளல் வேண்டும். மூன்றாவது, 85 விழுக்காட்டுப் பாஸ்பாரிக் அமிலம். நான்காவது, நிறங்காட்டியாகிய டைபீனைலமீன்; அரை கிராம் பொருளை 20 மில்லிலிட்டர் நீரும் 100 மில்லிலிட்டர் அடர் கந்தக அமிலமும் கலந்த நீர்மத்தில் கரைத்தது. இவற்றோடு அடர் கந்தக அமிலமும் தனியே வேண்டும்.

இனிச் செய்முறை. 500 மில்லிலிட்டர் கூம்புக் குடுவையில் ஒரு கிராம் மண்ணை இடுக. அதில் டைகுரோமேட்டுக் கரைசல் 10 மில்லிலிட்டரைப் பிப்பெட்டால் அளந்து ஊற்றி, மண் முழுவதும் நனையுமாறு மெல்லச் சுழற்றுக. பிப்பெட்டை வாயால் உறிஞ்சுதல் அறவே கூடாது; ரப்பர்க் குமிழையே பயன்படுத்தல் வேண்டும். மற்றொரு குடுவையில் மண்ணின்றி இதே அளவு டைகுரோமேட்டை எடுத்துக்கொள்க. அதுவே வெற்றுச் சோதனை. இரு குடுவைகளும் இனிமேல் ஒரே வகையாக நடத்தப்படல் வேண்டும்.

அடுத்து, 20 மில்லிலிட்டர் அடர் கந்தக அமிலத்தைச் சேர்த்தல். இங்கே ஒரு நுட்பம் உண்டு. இச்சோதனையில் அடுப்போ விளக்கோ இல்லை. அமிலம் டைகுரோமேட்டுக் கரைசலின் நீரோடு கலக்கும்போது எழும் வெப்பமே, கலவையை ஏறத்தாழ 120 பாகைக்கு உயர்த்திக் கரிமத்தை எரிக்கிறது. அமிலத்தைத் துளித்துளியாக நெடுநேரம் விட்டால் அவ்வெப்பம் சிறிது சிறிதாகக் காற்றில் போய்விடும். கரிமம் குறையாகவே எரியும். ஆகையால் அளவுக்குழாயிலிருந்து தயங்காமல், ஆனால் தெறிக்காமல், நீர்மத்தின் நடுவே விழுமாறு ஊற்றி, ஒரு நிமிடம் சுழற்றிப் பின் அரை மணி நேரம் அசையாது வைக்கவேண்டும். குடுவையைக் கல்மேடையின்மேல் வைத்தால் கல் வெப்பத்தை உறிஞ்சிவிடும். மரப்பலகை மேல் வைத்தல் நலம். மூணாறு போன்ற உயர்ந்த ஊர்களில் குளிர்காலத்துக் காலை வேளையில், அறையும் குடுவையும் கரைசலும் குளிர்ந்திருக்கும்போது தொடங்கினால், அதே மண் சமவெளியில் தந்ததினும் குறைந்த எண்ணைத் தரக்கூடும். எனவே கரைசலும் குடுவையும் ஏறத்தாழ 25 பாகைக்கு வந்தபின்னரே தொடங்குவது முறை.

சித்தூர்க் கரிசலில் அமிலம் பட்டவுடன் நுரை பொங்கும். மாணவர் இதைக் கண்டு, கரிமம் மிகுதியென்று மயங்குவதுண்டு. அது சுண்ணாம்பிலிருந்து வெளியேறும் வாயுவேயன்றி வேறன்று. சுண்ணாம்பிலுள்ள கரிமம் முன்னமே முழுதும் ஆக்சிஜனேற்றம் அடைந்தது. டைகுரோமேட்டை அது சிறிதும் செலவழிப்பதில்லை. விடை கெடாது, ஆனால் நுரையோடு மண்ணும் குடுவையின் கழுத்துக்கு ஏறி ஒட்டிக்கொண்டால் கெடும். பெரிய குடுவையை எடுக்கச் சொல்வது இதனாற்றான்.

அரை மணி கழிந்தபின் 200 மில்லிலிட்டர் நீரைச் சேர்த்தல் வேண்டும். இந்த இடத்தில் கூரிய மாணவர் ஒருவர் கட்டாயம் கேள்வி எழுப்புவார்: அமிலத்தில் நீரை ஊற்றலாகாது, நீரில்தான் அமிலத்தை ஊற்றவேண்டும் என்று முதல் வகுப்பிலேயே கற்பித்தீர்களே, இங்கே மாறாக உள்ளதே? கேள்வி நியாயமானது, அதை அடக்கிவிடாமல் விடை கூறுவது ஆசிரியர் கடமை. குடுவையில் இப்போது இருப்பது தனி அமிலமன்று. 20 பங்கு அமிலத்தோடு 10 பங்கு கரைசல் முன்னமே கலந்து, பெருவெப்பத்தை வெளியிட்டு, அரை மணி ஆறியது. ஆயினும் அதில் அமிலம் இன்னும் வலிமையாகவே உள்ளது. ஆகவே முதல் 20, 30 மில்லிலிட்டரைக் குடுவையின் உட்சுவர் வழியே சிறிது சிறிதாக வழியவிட்டுச் சுழற்றி, அதன்பின்னரே எஞ்சிய நீரைச் சேர்க்கவேண்டும். முகத்தைக் குடுவைக்கு நேரே கொண்டுபோகலாகாது. சூடு தணியாத குடுவையில் ஒரேயடியாக நீரைக் கொட்டினால் கலவை கொதித்துத் தெறிக்கும். விதி மாறவில்லை, விதியின் காரணம் எது என்று அறிந்தவரே அதனைச் சற்று வளைக்கத் தகுதியுடையவர்.

ஆறியபின் 10 மில்லிலிட்டர் பாஸ்பாரிக் அமிலம். அதன்பின் ஒரு மில்லிலிட்டர் நிறங்காட்டி. இந்த வரிசையை மாற்றலாகாது. தரம்பார்க்கும்போது உண்டாகும் பெரிக் இரும்பைப் பாஸ்பாரிக் அமிலம் நிறமற்ற சேர்மமாகக் கட்டிவைக்கிறது. அது இல்லையெனில் நிறங்காட்டி உரிய நேரத்துக்கு முன்னரே மங்கலாக மாறத் தொடங்கும். முடிவுநிலை எது என்று கண்ணுக்குத் தெரியாது. பின்னர்ப் பியூரெட்டிலிருந்து பெரஸ் கரைசலை விடுக. தொடக்கத்தில் கலவை பழுப்புப் பச்சையாக மங்கியிருக்கும். பின் கருநீலமும் ஊதாவும் கலந்த நிறமாகும். அந்நிறம் தோன்றியதும் வேகத்தைக் குறைத்துத் துளித்துளியாக விடவேண்டும். ஒரே துளியில் கலவை தெளிந்த பச்சையாக மாறும், அதுவே முடிவு. ஊதாவைக் கண்டபின்னும் குழாயைத் திறந்தே வைத்திருப்பது புதியவர் வழக்கமாகச் செய்யும் பிழை. அப்படித் தாண்டிவிட்டால் சோதனையை எறியவேண்டுவதில்லை. டைகுரோமேட்டுக் கரைசல் அரை மில்லிலிட்டரைச் சேர்த்து நிறத்தை மீட்டு, மீண்டும் துளித்துளியாக முடித்து, கணக்கில் பத்துக்கு மாறாகப் பத்தரை மில்லிலிட்டர் டைகுரோமேட் என்று கொள்ளலாம்.

கணக்கை எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்கலாம். வெற்றுச் சோதனைக்குப் பெரஸ் கரைசல் 20.4 மில்லிலிட்டர் செலவாயிற்று எனக் கொள்வோம். கரைசல் சரியாக அரை நார்மலாயின் 20.0 ஆகியிருக்கும், ஆகவே அது சிறிது வலிமை குன்றியுள்ளது. கரிசல் மண்ணிட்ட குடுவைக்கு 17.3 மில்லிலிட்டர் செலவாயிற்று. வேறுபாடு 3.1. மொத்த டைகுரோமேட் பத்துப் பங்கு. அதில் மண் உண்டது 3.1ஐ 20.4ஆல் வகுத்துப் பத்தால் பெருக்கியது, அதாவது 1.52 மில்லிச் சமானம். ஒரு மில்லிச் சமானத்துக்கு 3 மில்லிகிராம் கரிமம். ஆகவே 4.56 மில்லிகிராம், ஒரு கிராம் மண்ணுக்கு 0.46 விழுக்காடு.

இங்கே நின்றுவிடுவதா, மேலே செல்வதா என்பதில்தான் பல அறிக்கைகள் குழம்புகின்றன. அடுப்பின்றித் தன் வெப்பத்தாலேயே நடைபெறும் இம்முறை, மண்ணின் கரிமம் முழுவதையும் எரிப்பதில்லை. சராசரியாக 77 விழுக்காட்டையே எரிக்கிறது என்று முறையை வகுத்தவர்கள் கொண்டனர். அதனை ஈடுசெய்ய விடையை 0.77ஆல் வகுத்தால் 0.59 விழுக்காடு ஆகும். இந்தியாவில் வழங்கும் பாகுபாட்டின்படி அரை விழுக்காட்டுக்குக் கீழ்ப்பட்டது குறைவு. அரை முதல் முக்கால் வரை நடுத்தரம். அதற்கு மேல் மிகுதி. ஒரே மண், ஒரே பியூரெட்டு அளவு. ஆனால் திருத்தம் செய்யாத எண்ணில் அது குறைவு, திருத்திய எண்ணில் நடுத்தரம். உழவருக்குச் செல்லும் உரப் பரிந்துரை இதனால் மாறிவிடுகிறது. ஆகவே ஈடு சேர்க்கப்பட்டதா இல்லையா என்பதை ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் எழுதுதல் வேண்டும். ஓராண்டு ஒருவகையாகவும் மறு ஆண்டு வேறுவகையாகவும் கணக்கிட்டுவிட்டு, நிலத்தின் வளம் கூடிற்று, குறைந்தது என்று பேசுவது வீண்.

இனி ஏலத்தோட்ட மண்ணுக்கு வருவோம். அமிலம் சேர்த்து அரை மணி கழிந்ததும் கலவையில் ஆரஞ்சு நிறம் சிறிதும் இல்லை, பச்சையே நிற்கிறது. டைகுரோமேட் முழுவதும் செலவாகி, குரோமியத்தின் பச்சை உப்பு மட்டுமே எஞ்சியது என்பதே இதன் பொருள். பத்து மில்லிச் சமானம் டைகுரோமேட், 30 மில்லிகிராம் கரிமத்தை மட்டுமே எரிக்க வல்லது. ஒரு கிராம் மண்ணில் அதனினும் மிகுதியாக எரியத்தக்க கரிமம் இருப்பின் மிச்சம் ஏது? இந்நிலையில் நிறங்காட்டியைச் சேர்த்துத் தரம்பார்க்க முயலுவது நேரத்தை வீணாக்குவதே. குடுவையை ஒதுக்கிவிட்டு, கால் கிராம் மண்ணை எடுத்து மீண்டும் தொடங்கவேண்டும். அப்போது பெரஸ் கரைசல் 14.5 மில்லிலிட்டர் ஆயிற்று எனக் கொண்டால், வேறுபாடு 5.9, செலவு 2.89 மில்லிச் சமானம், கரிமம் 8.68 மில்லிகிராம். கால் கிராமுக்கு இதுவெனில் விழுக்காடு 3.47, ஈடு சேர்த்தால் 4.5. ஒரு கிராம் எடுத்திருந்தால் 11.6 மில்லிச் சமானம் தேவைப்பட்டிருக்கும்; இருந்ததோ பத்து. முதல் குடுவை ஏன் பச்சையாயிற்று என்பது கணக்கிலேயே தெரிகிறது.

முழுப் பச்சையாகிவிட்டால் எவரும் கண்டுகொள்வர். அபாயமானது அதற்குச் சற்று முன்நிலை. டைகுரோமேட்டில் ஐந்தில் நான்கு பங்கு செலவாகி, பெரஸ் கரைசல் நான்கு மில்லிலிட்டருக்கும் குறைவாகவே சென்றால், முடிவுநிலை ஒழுங்காகவே வரும், எண்ணும் கிடைக்கும். ஆனால் வினையின் இறுதியில் டைகுரோமேட் மிகவும் குன்றிவிட்டபடியால் கரிமம் குறையாக எரிந்திருக்கும். எண் உண்மையினும் தாழ்ந்தே இருக்கும். அதனையும் ஒதுக்கிவிட்டு மண்ணைக் குறைத்துச் செய்தல் வேண்டும். எதிர்ப்புறமும் எல்லை உண்டு. வெற்றுச் சோதனைக்கும் மண்ணுக்கும் வேறுபாடு அரை மில்லிலிட்டருக்கு உட்பட்டால், துளிப் பிழையே விடையை விழுங்கிவிடும். அங்கே இரண்டு கிராம் மண் எடுப்பது தகும்.

உவர்நீர் பாய்ந்த நிலத்து மண்ணில் குளோரைடும் டைகுரோமேட்டைச் செலவழித்துக் கரிமத்தை மிகுத்துக் காட்டும். கந்தக அமிலத்தில் வெள்ளி சல்பேட்டைக் கரைத்துப் பயன்படுத்தினால் குளோரைடு வெள்ளியோடு வீழ்படிவாகிவிடும். வைக்கோல் எரித்த வயலின் கரித்துண்டுகளோ இம்முறைக்குப் பெரிதும் அகப்படுவதில்லை.

தற்காப்பைப் பற்றிச் சில சொற்கள். கண்ணாடி, கையுறை, பருத்தி மேலங்கி, மூடிய காலணி ஆகிய நான்கும் இன்றி ஒருவரும் மேடையருகில் நிற்கலாகாது. அடர் அமிலம் தோலில் பட்டால் துணியால் துடைத்துக்கொண்டு நிற்காமல், உடனே ஓடும் நீரில் கால் மணி நேரமேனும் கழுவவேண்டும். அமிலம் பட்ட உடையைக் கழற்றிவிடல் வேண்டும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து அவ்வாறே கழுவிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுசெல்லவேண்டும். சோடாவையோ வேறு காரத்தையோ கண்ணில் இடுவது தீங்கின்மேல் தீங்கு.

கழிவை எவ்விதத்திலும் கழுவுதொட்டியில் ஊற்றலாகாது. சித்தூர்ப் பக்கத்தில் பல ஊர்கள் கிணற்று நீரை நம்பி வாழ்கின்றன. உடும்பன்சோலைச் சரிவில் ஊற்றியதோ கீழுள்ள ஓடையில் போய்ச் சேரும். ஆரஞ்சு நிறமுடைய ஆறிணைதிறன் குரோமியமே கொடியது. பச்சை நிறமுடைய மூவிணைதிறன் குரோமியம் அவ்வளவு தீங்குடையதன்று. முடிவுநிலை அடைந்த குடுவைகளில் பெரும்பாலும் பச்சையே இருக்கும். பிப்பெட் கழுவிய நீர், பாழான குடுவைகள், மிஞ்சிய டைகுரோமேட்டுக் கரைசல் ஆகியவற்றில் ஆரஞ்சு நிறம் எஞ்சியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே கழிவுத் தொட்டியில் சேர்த்து, மிஞ்சிய பெரஸ் கரைசலை ஊற்றி, ஆரஞ்சு நிறம் முற்றும் மறையச் செய்தல் வேண்டும். பின்னர் நீரில் கரைத்த சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அமிலத்தை நடுநிலையாக்கினால், குரோமியமும் இரும்பும் சேறாகப் படியும். மறுநாள் தெளிந்த நீரை வடித்துவிட்டு, அச்சேற்றை உலர்த்தி மூடிய கலத்தில் வைத்து, அபாயக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும். கலத்தின் மேல் பொருளின் பெயரையும் நாளையும் அழியாத மையால் எழுதிவைத்தல் மாணவரின் அன்றைய கடைசி வேலை.